பன்னிரண்டு நிமிடம் ஆறு துண்டான கதை

கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். அரைத்த உளுந்து மாவில் நெல்லிக்காய் அளவு எடுத்து அதில் விடுகிறார் ஒருவர். மாவு சற்றே அமிழ்ந்து, உடனே மேலே வந்து, பஞ்சு உருண்டை போல மிதக்கிறது. உளுந்து பதமாக அரைபட்டதா என்று நம் வீடுகளில் காலங்காலமாகப் பார்த்துவரும் சோதனைதான். கோவையில் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு பட்டறைக்காக நான் எடுத்த 12 நிமிட விளக்க வீடியோவில் இந்தக் காட்சி 9 நிமிடம் 40 விநாடி கடந்த பிறகு வந்தது. அதுவரை பொறுத்திருந்து பார்த்தவர்கள் மிகச் சிலர்.

இன்று அதே காட்சிதான் 38 விநாடித் துண்டு ஒன்றின் தொடக்கம். வேறு ஐந்து துண்டுகளும் அதே வீடியோவிலிருந்து பிறந்தன. எல்லாம் கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரை நிறையத் தெரியும் நெட்டுவாக்கு வீடியோக்கள். ஒரு பொருளைப் பற்றிய நீண்ட விளக்கத்தை இப்படிப் பல சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும்படி வெட்டுவது இன்று பலர் செய்யும் வேலை. இந்த வேலை எங்கிருந்து வந்தது, என் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

முதல் வெட்டு

பட்டறை முதலாளி அறுபதைத் தாண்டியவர். கிரைண்டர் கல்லைத் தட்டிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். 2 லிட்டர் கொள்ளளவுள்ள, மேஜை மேல் வைத்துச் சாய்க்கக்கூடிய கிரைண்டர்தான் பொருள். அவர் ஒரு கோர்வையோடு பேசினார். முதலில் கல், பிறகு கல்லின் வடிவம், பிறகு மோட்டார், பெல்ட், டிரம் சுற்றும் வேகம், வேகம் குறைவாக இருப்பதால் மாவு சூடாகாமல் இருப்பது, கடைசியில் அரைத்த மாவை எடுத்துத் தண்ணீரில் விட்டு மிதப்பதைக் காட்டுவது. காரணத்தில் தொடங்கிப் பலனில் முடியும் பேச்சு. நேரில் உட்கார்ந்து கேட்பவருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

"இத சின்னச் சின்னதா வெட்டிப் போட்டா நல்லா ஓடுமுங்களா தம்பி?" என்று அவர்தான் கேட்டார். "போட்டுறலாங்கய்யா" என்று சொல்லிவிட்டு அன்று இரவே வேலையில் இறங்கினேன். டைம்லைனில் நிமிடத்துக்கு ஒரு வெட்டு. மொத்தம் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் 'பகுதி 1', 'பகுதி 2' என்று எழுதி, நாளைக்கு ஒன்றாக வெளியிட்டோம்.

முதல் பகுதியை நிறையப் பேர் பார்த்தார்கள். இரண்டாவது முதல் சரிவுதான். ஐந்தாம் பகுதிக்குக் கீழே ஒருவர், "இது என்ன மெஷின்?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்தபோதுதான் தவறு பிடிபட்டது. கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவருக்கு நான்காம் பகுதி, ஐந்தாம் பகுதி என்ற வரிசையே கிடையாது. எந்தத் துண்டு அவர் முன்னால் வந்து விழுகிறதோ அதுதான் அவருக்கு முழு வீடியோ. நான் செய்தது கயிற்றை அளந்து அறுத்த வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் தலையும் இல்லை, முடிவும் இல்லை. "நான் முன்னாடி சொன்ன மாதிரி" என்று ஐயா தொடங்கும் வாக்கியம் மட்டுமே நான்கு இடங்களில் இருந்தது. அவர் எதை முன்னாடி சொன்னார் என்பது பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகுதான் இந்த வேலையின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். மூன்று தனித்தனிக் கதைகள் வெவ்வேறு காலத்தில் நடந்து, கைபேசித் திரையில் வந்து ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

கோணம் பிறந்த கதை

மூன்றில் மூத்தது கோணம்தான். வீடியோ வருவதற்கு வெகுகாலம் முன்பே, அச்சு விளம்பரத்தில் பிறந்தது அது. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் இருந்தார். பெப்சோடென்ட் பற்பசையைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர். தபாலில் அனுப்பும் கூப்பன்களை விளம்பரத்தோடு சேர்த்து அச்சிடுவது அவர் காலத்து வழக்கம். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் ஒரு தனிக் குறியீடு இருக்கும். பொருள் ஒன்றுதான், விளம்பரத்தின் தலைப்பு மட்டும் வேறு. எந்தக் குறியீட்டுக் கூப்பன் அதிகம் திரும்பி வந்தது என்று எண்ணினால், எந்தத் தலைப்பு வேலை செய்தது என்பது தெரிந்துவிடும். 1923-இல் அவர் எழுதிய சயின்டிஃபிக் அட்வர்டைசிங் என்ற சிறு புத்தகம் இந்த எண்ணிப் பார்க்கும் முறையைத்தான் விவரிக்கிறது.

அதில் எனக்குப் பயன்பட்ட கருத்து, தலைப்பின் வேலையைப் பற்றியது. தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிடுவதற்காகத் தலைப்பு இல்லை. இந்தப் பொருள் யாருக்குத் தேவையோ அவரை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து எடுப்பதுதான் அதன் வேலை. அப்படியென்றால், ஒரே பொருளை வாங்க ஐந்து விதமான காரணங்கள் இருந்தால் ஐந்து தலைப்புகள் வேண்டும். முதுகு வலிக்கிறவரைக் கூப்பிடும் தலைப்பு, இட்லி கல்லாக வருகிறதே என்று கவலைப்படுகிறவரைக் கூப்பிடாது. இதைத்தான் விளம்பரத் தொழிலில் இன்றும் கோணம் என்கிறார்கள். பொருளைப் பார்க்கும் கோணம் என்பதைவிட, பொருளை நோக்கி ஒருவர் நடந்து வரும் வழி என்று சொன்னால் எனக்கு எளிதாகப் புரிகிறது.

நீண்டதும் சுருங்கியதும்

இரண்டாவது கதை நேரத்தைப் பற்றியது. நீண்ட விளக்கத்தின் தாய்வீடு சந்தை. பொருளை மேஜையில் வைத்து, காய் நறுக்கிக் காட்டி, கூட்டத்தை நிறுத்தி விற்கும் ஆள் எல்லா ஊர்ச் சந்தையிலும் இருந்திருக்கிறார். அமெரிக்காவில் வைட்டமிக்ஸ் நிறுவனத்தின் பர்னார்ட் குடும்பத்தார் அப்படி ஊர் ஊராகச் செய்முறை காட்டி விற்றவர்கள். 1949-இல் அந்தச் செய்முறையைக் கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் நேரலையாக அரை மணி நேரம் காட்டினார்கள். நீண்ட விற்பனை நிகழ்ச்சிகளின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். தொலைக்காட்சியில் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை அமெரிக்க அரசு 1984-இல் நீக்கியபின் அரை மணி நேர விற்பனை நிகழ்ச்சி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. கிரைண்டரைப் பற்றி 12 நிமிடம் பேசிய எங்கள் ஐயா, தமக்கே தெரியாமல் அந்த மரபில்தான் வருகிறார்.

இன்னொரு பக்கம் சாதாரண விளம்பரம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நிமிடம் அரை நிமிடமானது, அரை நிமிடம் 15 விநாடியானது. 2016-இல் யூடியூப் 6 விநாடி விளம்பரங்களை அறிமுகப்படுத்தியது. முதலில் பெரிய விளம்பரத்தை எடுப்பார்கள், பிறகு அதையே சின்னதாக வெட்டுவார்கள். இந்த வெட்டில் ஒரு நுட்பம் உண்டு. 60 விநாடி விளம்பரத்தை 30 ஆக்கும்போது இரண்டாம் பாதியை யாரும் அறுத்து எறிவதில்லை. கதையில் எது இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி மறுபடி கட்டுவார்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

சட்டம் நிமிர்ந்த கதை

மூன்றாவது கதை திரையின் வடிவம். சினிமா பிறந்ததிலிருந்தே படச்சட்டம் அகலமானது, உயரம் குறைந்தது. இதை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் ரஷ்ய இயக்குநர் செர்கேய் ஐசென்ஸ்டைன். 1930-இல் ஹாலிவுட்டில், திரையை இன்னும் அகலமாக்கலாமா என்ற விவாதம் நடந்தபோது, நெட்டுவாக்கான காட்சிகளை நாம் முப்பது வருடமாகப் புறக்கணித்துவிட்டோம் என்று வாதாடினார். சதுரத் திரை இருந்தால் அதற்குள் நெடிதாகவும் அகலமாகவும் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம் என்பது அவர் யோசனை. தொழில் அதைக் கேட்கவில்லை.

அவர் வாதம் செய்யாததைக் கைபேசி செய்தது. கைபேசியை ஒரு கையில் பிடித்தால் அது நிமிர்ந்துதான் நிற்கும். முதலில் நெட்டுவாக்கில் வீடியோ எடுப்பவர்களைக் கேலி செய்தார்கள். 2015-இல் ஸ்னாப்சாட் அதையே தன் அடையாளமாக்கி, செய்தி நிறுவனங்களையும் விளம்பரதாரர்களையும் நிமிர்ந்த வீடியோ தரச் சொன்னது. அதற்கு முன் வைன் என்ற செயலி 2013-இல் 6 விநாடிச் சதுர வீடியோக்களால் குறுகிய நேரத்தின் சுவையைக் காட்டியிருந்தது. பிறகு வந்த டிக்டாக் இரண்டையும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைச் சோதனைக்கு விட்டது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. அதன் பிறகு, ஏற்கெனவே நீண்ட வீடியோ வைத்திருந்த கடைக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. கையில் இருப்பதை வெட்டு.

கடையில் ஒரு நாள்

எங்கே வெட்டுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கிரைண்டர் விற்கும் அக்கா. ஐயாவின் கிரைண்டரும் அங்கே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முழுவதும் அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன்.

மாலையில் நோட்டைப் புரட்டினால் கேள்விகள் ஆறு கட்டாகச் சேர்ந்திருந்தன. மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு? கழுவும்போது தூக்க வேண்டுமா? வீட்டில் இரண்டு பேர்தான், கொஞ்சமாகப் போட்டால் அரையுமா? புதுக் கல்லில் துகள் வருமா? பெல்ட் போனால் யார் பார்ப்பது? அரைக்கும்போது பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்குமா? மோட்டார் எத்தனை வாட் என்று முதல் கேள்வியாக ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீடியோவில் மோட்டாருக்கு மட்டும் இரண்டரை நிமிடம் போயிருந்தது.

"வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பயம் இருக்கும் தம்பி. அந்தப் பயம் என்னன்னு பிடிச்சுட்டா மத்தத நான் பேசவே மாட்டேன்" என்றார் அக்கா. முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் அவர் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிரம்மைச் சாய்த்துக் காட்டினார். அவ்வளவுதான். ஹாப்கின்ஸ் கூப்பன் எண்ணித் தெரிந்துகொண்டதை அக்கா வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார்.

அன்று இரவு 12 நிமிட வீடியோவை மறுபடி முழுதாகப் பார்த்தேன். இந்த முறை வெட்டவில்லை. ஐயாவின் பேச்சை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எண் போட்டேன். ஒரே கேள்விக்கான பதில் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது. சில வரிகள் இரண்டு கேள்விகளுக்குப் பொருந்தின. எந்தக் கேள்விக்கும் சேராத வரிகளும் இருந்தன. அவற்றை நீண்ட வீடியோவிலேயே விட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டு விநாடி

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு? ஐயா இதற்குப் பதில் சொல்லும் இடம் மூன்றாவது நிமிடத்தில் தொடங்குகிறது. மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது, அந்த வேகத்தில் மாவு சூடாகிறது, கிரைண்டரின் டிரம் மெதுவாகச் சுற்றுவதால் கல்லுக்கு அடியில் உளுந்து நசுங்கி, காற்றையும் சேர்த்துக்கொண்டு பொங்குகிறது என்கிறார். மாவு மிதக்கும் காட்சி ஆறு நிமிடம் கழித்து வருகிறது. நடுவில் பெல்ட், வாட், கியாரண்டி எல்லாம் வந்துவிடுகின்றன.

துண்டில் நான் வரிசையைத் தலைகீழாக்கினேன். முதல் மூன்று விநாடி, மாவு அமிழ்ந்து மிதப்பது மட்டும், பேச்சே இல்லாமல். அதன் மேல் ஒரு வரி: உங்க உளுந்து மாவு இப்படி மிதக்குதா? அடுத்து ஐந்து விநாடி, ஐயா டம்ளரைப் பார்த்தபடி, "அரைச்சது சரியா இருந்தா மேல வந்துருமுங்க" என்கிறார். பிறகு மிக்ஸியைப் பற்றிய வரி, டிரம் மெல்லச் சுற்றும் நெருக்கக் காட்சி, கல்லைச் சுற்றி மாவு ஏறி வரும் காட்சி. இவற்றுக்கு ஏறக்குறைய இருபது விநாடி. கடைசிப் பத்து விநாடியில் வழித்தெடுத்த மாவு பாத்திரத்தில் விழுந்து நிற்கிறது. அதிலிருந்து ஒரு துளி எடுக்கும் கையோடு துண்டு முடிகிறது. வீடியோ தானாகத் திரும்ப ஓடும்போது அந்தக் கை எடுத்த மாவுதான் டம்ளரில் விழுகிறது போலத் தோன்றும்.

நீண்ட விளக்கம் காரணத்தில் தொடங்கிப் பலனுக்குப் போகிறது. துண்டு பலனைக் காட்டிவிட்டுக் காரணத்துக்குத் திரும்புகிறது. ஐயா பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. சொன்ன வரிசையை மட்டும்தான் மாற்றினேன்.

அகலத்தை நெடிதாக்குவது

இரண்டாவது கேள்விக்கான துண்டில் வேறு சிக்கல் வந்தது. ஐயா சட்டத்தின் இடது பக்கம் நிற்கிறார், கிரைண்டர் வலது பக்கம் இருக்கிறது. சாய்த்துக் காட்டும்போது கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நீள்கிறது. நெட்டுவாக்கில் வெட்டினால் ஆள் இருப்பார் கிரைண்டர் இருக்காது, அல்லது கிரைண்டர் இருக்கும் முகம் இருக்காது.

கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். சாதாரண முழு எச்டி வீடியோவின் அகலம் 1920 புள்ளி, உயரம் 1080. அதே உயரத்தில் 9-க்கு 16 என்ற நெட்டு வடிவத்தை வெட்டினால் அகலத்தில் 608 புள்ளிதான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் கைபேசித் திரை அளவுக்கு, 1080 அகலத்துக்கு இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருப்பதால் படம் மங்கிவிடும். நல்ல வேளையாக நான் 4கே தரத்தில் எடுத்திருந்தேன். அதில் இதே வெட்டு 1215 புள்ளி அகலம் தரும். மங்கல் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஆள் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்ற பிரச்சினை எந்தத் தரத்தில் எடுத்தாலும் அப்படியேதான் இருக்கும்.

ஐயாவின் முகத்தையும் கிரைண்டரையும் மேலும் கீழுமாக இரண்டு பெட்டியில் அடுக்கிப் பார்த்தேன். சாய்க்கும் கை மேல் பெட்டியில் மறைந்து கீழ்ப் பெட்டியில் முளைத்தது. பார்க்க விபரீதமாக இருந்தது. கடைசியில் பட்டறைக்குத் திரும்பிப் போய், கைபேசியை நிமிர்த்திப் பிடித்து அந்த ஒரு செயலை மட்டும் மறுபடி எடுத்தேன். ஐயாவின் மனைவி டிரம்மை ஒரு கையால் சாய்க்கிறார், மாவு பாத்திரத்தில் சரிகிறது. மேலே அவர் முகம், நடுவில் கை, கீழே பாத்திரம். மேலிருந்து கீழே விழும் செயல்கள் எல்லாமே நெட்டுச் சட்டத்துக்குப் பொருந்தும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். பக்கவாட்டில் நடக்கும் செயலை வெட்டி ஒப்பேற்றுவதைவிட, பத்து நிமிடம் செலவழித்துப் புதிதாக எடுப்பதே மேல்.

எழுத்திலும் ஒரு படிப்பினை உண்டு. சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்காகப் பேச்சை எழுத்தாகவும் போடுகிறோம். தமிழ்ச் சொல் நீளமானது. 'புளிப்பதில்லையென்பதால்' என்று எழுதினால் நெட்டுத் திரையின் அகலம் முழுவதையும் அந்த ஒரு சொல்லே பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். அதனால் எழுத்தில் சொற்களைப் பிரித்து, ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல் என்று போடுகிறேன். திரையின் அடிப்பகுதியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பெயர்களும் பொத்தான்களும் உட்கார்ந்திருக்கும். முக்கியமான எதையும் அங்கே வைக்கக் கூடாது. முதல் துண்டில் நான் டம்ளரை அங்கே வைத்துவிட்டு, மாவு எங்கே மிதக்கிறது என்றே தெரியாமல் போய், மறுபடி ஏற்றினேன்.

வெட்டக் கூடாத சொல்

மூன்றாவது கேள்விக்கான துண்டில் நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. இரண்டு பேர் உள்ள வீட்டில் கொஞ்சமாகப் போட்டால் அரையுமா? ஐயாவின் பதில் வீடியோவில் தெளிவாக இருந்தது. "கால் கிலோ உளுந்துகூட அரைக்குமுங்க. ஆனா நடுவுல ரெண்டு தரம் நிறுத்தி, ஓரத்துல ஒட்டுனத வழிச்சு விடோணும். அதுக்கும் கீழ போட்டா கல்லு வெறுசா சுத்தும்." முதல் வாக்கியம் 4 விநாடி. மீதி 12 விநாடி. துண்டை 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் மீதியை வெட்டிவிட்டேன்.

துண்டு நன்றாக ஓடியது. இரண்டு வாரத்தில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். ஒருவர் ஒரு கைப்பிடி உளுந்து போட்டு அரைத்துப் பார்த்து, கல் வெறுமனே சுற்றுகிறது, கிரைண்டரே பழுது என்று திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ஐயா கோபப்படவில்லை. "நான் சொன்னதுல பாதியச் சொன்னா, நான் பொய் சொன்ன மாதிரி ஆயிருது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்றே அந்தத் துண்டை எடுத்துவிட்டு, 'ஆனா' என்ற சொல்லோடு சேர்த்து 31 விநாடியில் மறுபடி போட்டேன். அதன் பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எழுதிவைத்த பேச்சில் 'ஆனா', 'மட்டும்', 'முதல்ல' என்ற சொற்களைச் சிவப்பில் வட்டமிடுகிறேன். ஒரு வாக்கியத்தைத் துண்டில் வைத்தால் அதற்கு உரிய சிவப்பு வாக்கியமும் கூடவே வர வேண்டும். நேரம் போதாவிட்டால் இரண்டையுமே விட வேண்டும். புதுக் கல்லைப் பற்றிய துண்டில் இது இன்னும் முக்கியம். கல் துகள் போவதற்காக முதலில் அரைக்கும் அரிசியைச் சாப்பிடக் கூடாது, கொட்டிவிட வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது. மற்ற எது போனாலும் அந்த வரி போகக் கூடாது.

எல்லாக் கேள்விக்கும் பதில் பழைய வீடியோவிலேயே இருந்ததா என்றால், இல்லை. சத்தத்தைப் பற்றி ஐயா ஒரு வரிதான் பேசியிருந்தார். சத்தம் குறைவு என்று எழுதிப் போட்டால் யார் நம்புவார்கள்? கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் இருவர் இயல்பான குரலில் பேசிக்கொள்வதைத் தனியாக எடுத்துச் சேர்த்தோம். பின்னணியில் பாட்டுப் போடவில்லை. பெல்ட் மாற்றும் வேலை அரை நிமிடத்துக்குள் அடங்காது, அவசரமாகச் செய்தால் கை நசுங்கும். அதனால் அந்தத் துண்டில் பழுது பார்க்க யாரை, எப்படிக் கூப்பிடுவது என்பதை மட்டும் சொல்லி, பெல்ட் மாற்றும் முறையை நீண்ட வீடியோவுக்கே அனுப்பினோம்.

சரியாக வெட்டினோமா என்று தெரிவது எப்படி

ஒவ்வொரு துண்டையும் பார்த்தவர்கள் எந்த விநாடியில் விலகினார்கள் என்று செயலி ஒரு கோட்டுப் படம் காட்டும். முதல் இரண்டு மூன்று விநாடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்தால், தொடக்கம் யாரையும் கூப்பிடவில்லை என்று பொருள். பெல்ட் துண்டின் முதல் வடிவம் அப்படித்தான் விழுந்தது. ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வணக்கம் சொல்லும் இடத்தை நான் விட்டுவைத்திருந்தேன். நடுவில் ஓரிடத்தில் கோடு திடீரென்று படிபோல இறங்கினால், அந்த இடத்தில் வேறு கேள்விக்கான பதில் நுழைந்திருக்கிறது. மிதக்கும் மாவுத் துண்டில் கியாரண்டி பற்றிய அரை வரி தப்பி உள்ளே வந்துவிட்டிருந்தது. கோடு சரியாக அங்கேதான் இறங்கியது. அதை எடுத்ததும் படி மறைந்தது.

கோட்டைவிட எனக்கு உதவுவது பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி. துண்டு எந்தக் கேள்விக்குப் பதிலோ அதையே திரும்பக் கேட்டால் பதில் புரியவில்லை என்று அர்த்தம். அடுத்த கேள்வியைக் கேட்டால் துண்டு தன் வேலையைச் செய்துவிட்டது. மாவு மிதக்கும் துண்டைப் பார்த்து ஒருவர், "கழுவுறது கஷ்டமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு இரண்டாவது துண்டு தயாராக இருந்தது.

சென்ற மாதம் ஐயாவின் புது மாடலுக்கு மறுபடி வீடியோ எடுத்தோம். இந்த முறை நான் சொல்வதற்கு முன்பே அவர் ஒரு தாளில் ஆறு கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு பதிலையும் முழு வாக்கியத்தில் தொடங்கினார். 'முன்னாடி சொன்ன மாதிரி' ஒரு தடவைகூட வரவில்லை. நீண்ட வீடியோவே ஆறு துண்டுகள் கைகோத்து நிற்பது போல அமைந்தது. முழுதாகப் பார்ப்பவருக்கும் அது முன்னதைவிடத் தெளிவாக இருக்கிறது.

அதன் துண்டுகளைக் கொடுக்கப் பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு வயதான தம்பதி கிரைண்டருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். "ரெண்டு பேருக்கு இவ்வளவு பெருசு எதுக்கும்மா?" என்று பெரியவர் கேட்டார். அக்கா தன் கைபேசியை எடுத்தார். விரலால் இரண்டு தடவை தள்ளி, மூன்றாவது துண்டை ஓடவிட்டு, நிமிர்த்தி அவர் கையிலேயே கொடுத்தார். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 31 விநாடியும் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "நடுவுல ரெண்டு தரம் வழிச்சு விடணுமாம்" என்றார்.